புது டைல்ஸ் மேல் சிமெண்ட் தெறிப்பு, வெள்ளைப் படலம்: ஆசிட் ஊற்றலாமா?

ஒழலப்பதி_வீடு
எல்லோருக்கும் வணக்கம். கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே வீடு கட்டி முடிக்கும் கட்டத்தில் இருக்கிறேன். ஆவணியில் பால் காய்ச்ச வேண்டும். டைல்ஸ் ஒட்டி, இடைவெளிக்குக் கிரவுட் அடித்து மூன்று வாரம் ஆகிறது. அதற்கு அப்புறம் பட்டி பார்க்க வந்தவர்கள் தரையில் ஒரு சாக்கைக்கூட விரிக்கவில்லை. ஹால் முழுக்கச் சொட்டுச் சொட்டாக இருக்கிறது. சில இடங்களில் நெல்லிக்காய் அளவு சிமெண்ட் உருண்டையே இறுகிக் கிடக்கிறது. அது போக, தரை முழுவதும் மங்கலாக வெள்ளைப் பூச்சு போல ஒன்று. ஈரத் துணியால் துடைத்தால் பளபளக்கிறது, காய்ந்ததும் பழையபடி ஆகிவிடுகிறது.

ஹாலில் போட்டிருப்பது இரண்டுக்கு இரண்டு பாலிஷ் விட்ரிஃபைடு. சிட்டவுட்டில் சொரசொரப்பான மேட் டைல்ஸ். படி கிரானைட். சமையலறை ஷெல்ஃப் கடப்பா கல்.

ஹார்டுவேர் கடையில் கேட்டால் ஒரு கேன் ஆசிட்டைக் கையில் கொடுத்து "ஊத்திக் கழுவுங்க, பளிச்சுன்னு ஆயிடும்" என்கிறார். மேஸ்திரியும் அதையேதான் சொல்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. முதலில் ஒரு பாத்ரூமில் மட்டும் அவர் ஆளை விட்டு ஊற்றிப் பார்த்தோம். தரை வெளுத்தது உண்மை. ஆனால் கிரவுட்டை விரலால் தேய்த்தால் மணலாக உதிர்கிறது. புதுக் குழாய் இரண்டிலும் பளபளப்பு போய்ப் புள்ளி விழுந்திருக்கிறது. குழாய் மேல் ஒரு சொட்டு ஆசிட் கூடப் படவில்லை என்று அவர் சத்தியம் செய்கிறார்.

ஹாலுக்கு என்ன செய்வது?

கான்ட்ராக்ட்_மணி
ஆசிட்தான் வழி சார், வேறு கிடையாது. நான் நாற்பது வீடு முடித்துக் கொடுத்திருக்கிறேன், எல்லாம் ஆசிட் கழுவல்தான். உங்கள் ஆள் தண்ணீர் கலக்காமல் ஊற்றியிருப்பான். ஒன்றுக்குப் பத்து கலந்து, ஊற்றிய உடனே கழுவிவிட்டால் ஒன்றும் ஆகாது. விட்ரிஃபைடை ஆசிட் தின்னாது.

பொள்ளாச்சி_அக்கா
தம்பி, ஆசிட்டை வீட்டுக்குள்ளேயே கொண்டு வராதீர்கள், மூச்சு அடைக்கும். வினிகரும் ஆப்பச்சோடாவும் சமமாகக் கலந்து தரையில் ஊற்றினால் பொங்கிப் பொங்கி அழுக்கைத் தூக்கிவிடும். எங்கள் வீட்டில் சுண்ணாம்பு சிந்தினபோது அப்படித்தான் எடுத்தேன். புளித் தண்ணீரும் நல்லது.

செங்கோட்டைக்காரன்
எங்கள் வீட்டிலும் இதே தொல்லை. போர் தண்ணீர் உப்பு. குழாயடியில், ஷவருக்குக் கீழே, வாளி வைக்கும் இடத்தில் எல்லாம் வெள்ளையாகப் படிகிறது. எட்டு வருடமாகத் தேய்க்கிறேன். தண்ணீரை மென்மையாக்கும் மெஷின் வைத்தால் சரியாகுமா? யாராவது வைத்திருக்கிறீர்களா?

ஒழலப்பதி_வீடு
அண்ணா, என்னுடையது குழாயடிக் கறை இல்லை. வீட்டில் இன்னும் குடியே போகவில்லை. ஹால் நடுவில் இருக்கிறது.

சித்தூர்_டைல்ஸ்காரர்
இருபத்தி இரண்டு வருடமாக டைல்ஸ் ஒட்டுகிறேன். பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திரா இல்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மணி சொன்னதில் பாதி சரி. விட்ரிஃபைடை அந்த ஆசிட் லேசில் தின்னாதுதான். ஆனால் இரண்டு டைல்ஸுக்கு நடுவே இருக்கிற கிரவுட் என்ன? சிமெண்ட். நீங்கள் போக்க நினைக்கிற கறை என்ன? அதுவும் சிமெண்ட். ஆசிட்டுக்கு எது கறை, எது வேலை என்று தெரியுமா? தெறிப்பைத் தின்னும் வேகத்திலேயே கிரவுட்டையும் தின்னும். "உடனே கழுவினால்" என்கிறார். காய்ந்த கிரவுட் பஞ்சு மாதிரி, ஊற்றின நிமிடமே உள்ளே இழுத்துக்கொள்ளும். மேலே கழுவலாம், உள்ளே போனதை எப்படிக் கழுவுவது?

குழாய்க்கு வந்தது சொட்டு பட்டு இல்லை, ஆவியால். அந்த ஆசிட் பாட்டிலைத் திறந்தாலே புகையும். ஜன்னல் மூடின பாத்ரூமில் அந்த ஆவி குழாய், கீல், தாழ்ப்பாள், ஸ்டீல் ஜாலி எல்லாவற்றிலும் படியும். அவர் பொய் சொல்லவில்லை.

சரி, இனி உங்கள் ஹால். முதலில் கறை என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். தரையில் இருப்பதெல்லாம் சிமெண்ட் என்று நினைக்காதீர்கள். சிமெண்ட் இருக்கும், வெள்ளைப் பட்டி இருக்கும், பிரைமர் சொட்டு இருக்கும். பாலிஷ் டைல்ஸில் கம்பெனியிலேயே கீறல் விழாமல் இருக்க மெழுகு பூசி அனுப்புவதும் உண்டு. அந்த மெழுகில் தூசி ஒட்டினாலும் இதே மாதிரி மங்கலாகத்தான் தெரியும். ஆசிட் மெழுகை ஒன்றும் செய்யாது.

ஒரு பிளேடால் நாலு இடத்தில் லேசாகச் சுரண்டுங்கள். தூளாக வந்தால் சிமெண்ட் அல்லது பட்டி. தோலாக உரிந்து வந்தால் பெயின்ட். வழுவழுவென்று பிளேடில் அப்பினால் மெழுகு. வந்த தூளை ஒரு கறுப்புத் தட்டில் போட்டு, மேலே ஒரு சொட்டு ஆசிட் பொடிக் கரைசல் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம். சும்மா கிடந்தால் ஆசிட் அங்கே வேலைக்கு ஆகாது, தரைக்குத்தான் கேடு.

வேலந்தாவளம்_டீச்சர்
நுரைக்குக் காரணம் நான் சொல்கிறேன். சிமெண்டில் இருக்கும் சுண்ணாம்பு காற்றில் உள்ள கரியமில வாயுவை இழுத்துக் கால்சியம் கார்பனேட்டாக மாறிவிடும். அமிலம் பட்டதும் அந்த வாயு வெளியே வருகிறது, அதுதான் குமிழ்.

அக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது. வினிகர் தனியாக என்றால் சரி, மெதுவாக என்றாலும் சுண்ணாம்பைக் கரைக்கும். அதில் ஆப்பச்சோடாவைக் கலந்தால் இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துவிடும். பொங்குவது கறையிலிருந்து இல்லை, அந்த இரண்டும் சண்டை போடுவதுதான். பொங்கி அடங்கின பிறகு மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர்.

பொள்ளாச்சி_அக்கா
அப்படியானால் எங்கள் வீட்டில் எப்படிப் போனது டீச்சர்?

வேலந்தாவளம்_டீச்சர்
தேங்காய் நாரால் தேய்த்தீர்களா?

பொள்ளாச்சி_அக்கா
தேய்த்தேன். கை வலிக்க வலிக்கத் தேய்த்தேன்.

வேலந்தாவளம்_டீச்சர்
அதுதான் அக்கா.

ஒழலப்பதி_வீடு
சுரண்டிப் பார்த்தேன். பொடி கையில் இல்லை, பாத்ரூமில் மிஞ்சின ஆசிட்டில் ஒரு சொட்டைத்தான் தட்டில் இருந்த தூள் மேல் விட்டேன். உருண்டைகள் சிமெண்ட். சொட்டுகளில் பெரும்பாலும் பட்டி, நன்றாக நுரைக்கிறது. சுவர் ஓரம் இருக்கும் சின்னச் சொட்டுகள் தோலாக உரிகின்றன. மங்கலாக இருக்கும் படலத்தைச் சுரண்டினால் பிளேடில் வெள்ளை மாவு வருகிறது, அதுவும் நுரைக்கிறது. ஆக மெழுகு இல்லை. டைல்ஸ்காரர் "ஆசிட் பொடி" என்றது எது?

சித்தூர்_டைல்ஸ்காரர்
சல்ஃபாமிக் ஆசிட். சர்க்கரை மாதிரி வெள்ளையாக இருக்கும், கெமிக்கல் கடையில் கிலோ கணக்கில் கிடைக்கும். பாய்லரில் உப்புப் படிவு எடுக்கப் பயன்படுத்துவது. திரவ ஆசிட் மாதிரி புகையாது, ஆகவே குழாய்க்கும் மூச்சுக்கும் தொல்லை குறைவு. வேகமும் குறைவு, நமக்கு அதுதான் வேண்டும். அதற்காக அது கிரவுட்டைத் தொடாது என்று நினைத்துவிடாதீர்கள். தொடும், மெதுவாகத் தொடும். நாம் சுதாரிக்க நேரம் கிடைக்கும்.

பொடியை எடுப்பதற்கு முன்னால் கையால் எடுக்க வேண்டியதை எடுங்கள். பலரும் தப்பு செய்வது இங்கேதான். நெல்லிக்காய் அளவு உருண்டையை ஆசிட்டில் கரைக்கப் பார்த்தால், அது கரைவதற்குள் சுற்றிலும் உள்ள கிரவுட் கரைந்துவிடும். முதலில் தரையைச் சுத்தமாகப் பெருக்குங்கள். ஒரு மணல் துகள் கிடந்தாலும் தேய்க்கும்போது பாலிஷில் கோடு விழும், அந்தக் கோட்டை எந்த மருந்தாலும் எடுக்க முடியாது. அப்புறம் உருண்டைகள் மேல் ஈரச் சாக்கைப் போட்டு ஒரு இரவு விடுங்கள். காலையில் மரக்கட்டை முனையாலோ கெட்டி பிளாஸ்டிக் தகடாலோ பக்கவாட்டில் நெட்டினால் முக்கால்வாசி தெறித்துப் போகும். பாலிஷ் டைல்ஸில் சிமெண்ட் ஆழமாகப் பிடிப்பதில்லை. மிச்சத்துக்கு மட்டும் புது பிளேடு. தண்ணீர் ஊற்றி, தரையோடு படுத்தாற்போல் பிடித்துத் தள்ளுங்கள். நிமிர்த்திப் பிடித்தால் கோடு. இரும்பு நார் வேண்டவே வேண்டாம், நுனி உடைந்து கிரவுட்டில் தங்கித் துரு ஏறும்.

பெயின்ட் சொட்டுக்கு வெந்நீர்த் துணியைக் கால் மணி நேரம் போட்டு வைத்தால் ஊறி உரியும்.

இதெல்லாம் முடிந்த பிறகு மிஞ்சுகிற படலத்துக்குத்தான் பொடி. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 50 கிராம். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், அதில் அமிலம் சிதைந்து வீரியம் போய்விடும். கையில் ரப்பர் உறை, கண்ணுக்குக் கண்ணாடி.

ஒரே நேரத்தில் ஹால் முழுக்க ஊற்றாதீர்கள். நாலு டைல்ஸ் ஒரு பத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வெறும் தண்ணீரை ஊற்றிக் கிரவுட் குடிக்கிற அளவு குடிக்க விடுங்கள். வயிறு நிறையத் தண்ணீர் குடித்த கிரவுட் ஆசிட்டை உள்ளே இழுக்காது. மேலே தேங்கின தண்ணீரை வழித்துவிட்டு, கரைசலை மாப்பால் தடவுங்கள். மூன்று நிமிடம், அதிகம் போனால் ஐந்து. அதற்குள் நைலான் பிரஷ்ஷால் தேய்க்கவும். காய மட்டும் விடாதீர்கள்.

கடைசி விஷயம், இதுதான் முக்கியம். தேய்த்ததும் பழுப்பாக ஒரு சேறு வரும். சிமெண்டில் சுண்ணாம்பு மட்டும்தான் கரையும், மணலும் மற்றதும் சேறாக நிற்கும். அந்தச் சேற்றை வைப்பரால் ஒரு பக்கம் ஒதுக்கி, பழைய துணியில் எடுத்துப் பக்கெட்டில் பிழியுங்கள். பிறகு சுத்தமான தண்ணீரால் இரண்டு முறை. அதே மாப்பை அதே பக்கெட்டில் முக்கி முக்கித் துடைத்தீர்கள் என்றால் கரைத்ததையே திரும்பத் தரையில் பூசுகிறீர்கள், காய்ந்ததும் படலம் வந்து நிற்கும். "மூணு தடவை ஆசிட் போட்டும் போகலை" என்று என்னைக் கூப்பிடுகிற வீடுகளில் பாதிக்குக் கதை இதுதான்.

வேலந்தாவளம்_டீச்சர்
இரண்டாவது கழுவலில் ஒரு பக்கெட்டுக்கு இரண்டு கை ஆப்பச்சோடா போட்டால் மிச்ச அமிலம் அடங்கிவிடும். ஆப்பச்சோடாவுக்கு இங்கேதான் வேலை அக்கா, முதலில் இல்லை.

ஒன்று மட்டும் கண்டிப்பாக. ஆசிட் எந்த வகையானாலும் பிளீச்சிங் பவுடர் பக்கம் கொண்டு போகாதீர்கள். ஆசிட் கழுவின பாத்ரூமில் நாற்றம் போகட்டும் என்று பிளீச்சிங் தூவினால் குளோரின் வாயு வரும், நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும்.

கான்ட்ராக்ட்_மணி
இவ்வளவு பொறுமை யாருக்கு இருக்கிறது? ஒரு வீட்டுக்குக் கழுவ ஒரு நாள்தான் கணக்கில் வைக்க முடியும். நாலு நாலு டைல்ஸாகச் செய்தால் கூலிக்கு யார் பதில் சொல்வது?

சித்தூர்_டைல்ஸ்காரர்
கிரவுட் அடித்த அன்றே, அது இறுகுவதற்குள் ஸ்பாஞ்சால் இரண்டு தடவை துடைத்திருந்தால் அந்த ஒரு நாளும் வேண்டாம் மணி. மங்கலாக இருக்கிறதே, அது பட்டிக்காரன் போட்டது இல்லை, கிரவுட் அடித்தவன் துடைக்காமல் போனது. நம் ஆட்கள்தான்.

கான்ட்ராக்ட்_மணி
அது சரிதான்.

ஆனைமலை_பிரியா
என் கேள்வி கொஞ்சம் வேறு. எங்கள் பாத்ரூமில் எப்பாக்சி கிரவுட் போட்டார்கள். அங்கும் கோடு கோடாக ஒரு மங்கல். சுரண்டினதில் தூளே வரவில்லை, சொட்டு விட்டால் நுரையும் இல்லை.

சித்தூர்_டைல்ஸ்காரர்
அது பிசின். ஆசிட்டுக்கு மசியாது. ஒட்டின அன்றைக்கே என்றால் வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போதும், இறுகின பிறகு அந்தக் கிரவுட் கம்பெனியே விற்கும் எப்பாக்சி கிளீனரைத்தான் வாங்க வேண்டும். ஒரு டைல்ஸில் பார்த்துவிட்டு மீதியைச் செய்யுங்கள்.

ஒழலப்பதி_வீடு
நாலு நாள் கழித்து எழுதுகிறேன். ஹால் 14க்கு 18 அடி. நாலு டைல்ஸ் ஒரு பத்தி என்று எடுத்தால் பதினாறு பத்தி. ஐந்து லிட்டர் கரைசல், பொடி 250 கிராம், அவ்வளவுதான் செலவானது. நானும் மைத்துனரும் காலையில் ஆரம்பித்து மாலை நாலு மணிக்கு முடித்தோம். ஈரச் சாக்கு மந்திரம் மாதிரி வேலை செய்தது, உருண்டைகள் கட்டை பட்டதும் துள்ளிப் போயின.

முதல் இரண்டு பத்தியில் டைல்ஸ்காரர் சொன்ன அதே தப்பைச் செய்தோம், ஒரே பக்கெட். காய்ந்ததும் மேகம் மேகமாக நின்றது. இரண்டு பக்கெட், தனித்தனித் துணி என்று மாற்றின பிறகுதான் சரியானது. அந்த இரண்டு பத்தியை வெறும் தண்ணீரால் இன்னொரு முறை கழுவினதே போதுமாக இருந்தது, பொடி தேவைப்படவில்லை. கிரவுட்டை நகத்தால் அழுத்திப் பார்த்தேன், உதிரவில்லை. நிறம் மட்டும் ஒரு சாயல் வெளுத்திருக்கிறது.

சுவர் ஓரம் பட்டிச் சொட்டு சில இன்னும் இருக்கின்றன. நுரைக்கிறது, ஆனால் போக மாட்டேன் என்கிறது. அதற்கு என்ன?

சித்தூர்_டைல்ஸ்காரர்
அது சிமெண்ட் பட்டி இல்லை, பசை கலந்த அக்ரிலிக் பட்டியாக இருக்கும். உள்ளே இருக்கும் சுண்ணாம்புத் தூள் நுரைக்கும், பசை விடாது. பெயின்ட் மாதிரி வெந்நீர்த் துணியில் ஊறவைத்துப் பிளேடில் தள்ளுங்கள்.

ஒழலப்பதி_வீடு
சரி. இப்போது சிட்டவுட். மேட் டைல்ஸில் படலம் குழிக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. அதே கரைசலை வைத்து இரண்டு முறை பிரஷ் போட்டதில் நடுப்பகுதி நன்றாக வந்துவிட்டது. ஆனால் படியை ஒட்டின வரிசையில் கிரவுட் ஓரமாக வெள்ளையாகப் பூத்து நிற்கிறது. துடைத்தால் போகிறது, இரண்டு நாளில் திரும்ப வருகிறது.

கிரானைட் படிக்கும் அதே கரைசலைப் போடலாமா?

சித்தூர்_டைல்ஸ்காரர்
படிக்கு வேண்டாம். சில கிரானைட்டில் இரும்புச் சத்து இருக்கும், ஆசிட் பட்டால் பிறகு மஞ்சளாகத் துரு கசியும். தண்ணீரும் பிளேடும் போதும். கடப்பா ஷெல்ஃபுக்கு ஒரு சொட்டுகூடக் கூடாது. அந்தக் கல்லே சுண்ணாம்புக் கல். கறையோடு பாலிஷும் போய்ச் சாம்பல் திட்டு விழும். வினிகர், எலுமிச்சைகூட அதற்கு ஆகாது.

திரும்ப வருகிறதே, அது தெறிப்பு இல்லை. டைல்ஸுக்குக் கீழே இருக்கும் ஈரக் கலவையிலிருந்து சுண்ணாம்பு தண்ணீரோடு ஏறி, கிரவுட் வழியாக வெளியே வந்து காய்கிறது. பூப்பு என்போம். அங்கே ஆசிட் போட்டால் கிரவுட்டின் துளைகள் இன்னும் திறக்கும், இன்னும் பூக்கும்.

செங்கோட்டைக்காரன்
அல்லது தண்ணீர் உப்பாக இருக்கலாம் அண்ணா! கிழக்குப் பக்கம் எல்லாம் போர் தண்ணீர்தானே? கழுவினதே அந்தத் தண்ணீரில்தான். நான் முதலிலேயே சொன்னேன்.

வேலந்தாவளம்_டீச்சர்
இந்த முறை அவர் சொல்வதைத் தள்ள முடியாது. எங்கள் பக்கத்துப் போர் தண்ணீரில் பருப்பு வேகாது. கண்டுபிடிக்க ஒரு வழி: அந்த இடத்தை நன்றாகக் காயவிட்டு, ஒரு முழம் பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் அடியில் நீர் முத்து கட்டினால் ஈரம் கீழிருந்து வருகிறது. இல்லையென்றால் மேலே ஊற்றின தண்ணீரின் உப்பு. வேறு ஒரு மூலையை மழைத் தண்ணீரால் கழுவிப் பார்த்தாலும் தெரியும்.

ஒழலப்பதி_வீடு
இரண்டு இடத்தில் தாள் ஒட்டினேன். படிக்கு அருகே அடியில் வியர்த்திருந்தது. தூண் ஓரம் காய்ந்தே இருந்தது. பூப்பு இரண்டு இடத்திலும் இருக்கிறது.

சித்தூர்_டைல்ஸ்காரர்
படிக்கு அடியில் மண் நிரப்பினது ஈரமாக இருக்கும். மழை முடிந்து, அது காய்கிற வரை ஆசிட்டோ சீலரோ போடாதீர்கள். இப்போது சீலர் பூசினால் ஈரத்தை உள்ளேயே பூட்டி வைத்த மாதிரி ஆகும். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு ஈரத் துணியில் ஒற்றி எடுங்கள், அவ்வளவுதான். தூண் ஓரம் ஏன் என்று நேரில் பார்க்காமல் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

செங்கோட்டைக்காரன்
தூண் ஓரம் தண்ணீர் உப்புதான். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒழலப்பதி_வீடு
மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறேன் அண்ணா, ஞாயிற்றுக்கிழமை தூண் ஓரம் கழுவிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

பாத்ரூம் கிரவுட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக அடிக்க மேஸ்திரி ஒத்துக்கொண்டார். குழாய்க்குப் பணம் கேட்டேன். போனை எடுக்கவில்லை.